செட்பாயிண்டை மாற்றினால் வால்வு துள்ளுகிறது

கேள்வி: நீராவியால் திரவத்தைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியில் செட்பாயிண்டை 60 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு மாற்றினால், நீராவி வால்வு ஒரே நொடியில் 20 சதவீதத்திலிருந்து 87-க்குப் பாய்கிறது. குழாய் அதிர்கிறது, கேஸ்கெட் இருமுறை கசிந்துவிட்டது. அவுட்புட்டை விநாடிக்கு 0.2 சதவீதம் என்று கட்டுப்படுத்தினேன். அதிர்வு நின்றது, ஆனால் வெப்பநிலை 96 வரை எகிறி, நெடுநேரம் ஏறி இறங்குகிறது. என்ன செய்யலாம்? (அளவீட்டு எல்லை 0–150 டிகிரி, கெயின் 4, இன்டக்ரல் நேரம் 2 நிமிடம்.)

பதில்: முதலில் அந்த 87 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 25 டிகிரி என்பது 150-இல் 16.7 சதவீதம். அதைக் கெயின் 4-ஆல் பெருக்கினால் 67. இருந்த 20-உடன் சேர்த்தால் 87. கன்ட்ரோலர் தவறு எதுவும் செய்யவில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தது. உங்கள் வால்வு ஒரு சதவீதம் திறந்தால் ஏறத்தாழ 1.5 டிகிரி ஏறும் என்று வைத்துக்கொண்டால், 85 டிகிரிக்குத் தேவைப்படுவது 37 சதவீதம்தான். மீதி 50 சதவீதம் நீராவி, குழாயில் தேங்கிய நீரைத் தள்ளிக்கொண்டு போய் வளைவுகளில் மோதியிருக்கிறது. நீராவிப் பொறிகள் நீரைச் சரியாக வெளியேற்றுகின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள்.

நீங்கள் வேகத்தடை போட்டது சுற்றுக்குள்ளே. அங்கே போட்டால் கன்ட்ரோலர் சொல்வதும் வால்வு செய்வதும் வேறு வேறாகிவிடும். இன்டக்ரல் நிமிடத்துக்கு 33 சதவீத வேகத்தில் சேர்வதால், அரை நிமிடத்துக்குள் கன்ட்ரோலர் 100 கேட்கிறது. வால்வோ அப்போது 25-ஐத் தாண்டியிருக்காது. ஒன்றரை நிமிடத்தில் தேவையான 37-ஐக் கடந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை 85-ஐத் தாண்டி கன்ட்ரோலர் மூடச் சொல்லும்போதும் அதே ஆமை வேகத்தில்தான் இறங்கும். ட்ரெண்டில் வால்வின் கோடு அலைபோல வளையாமல் ரம்பப் பற்கள்போல நேர்கோடுகளாக ஏறி இறங்கினால், குற்றவாளி வேகத்தடை என்று நம்பலாம். சிறு மாற்றங்களில் நன்றாக இருந்து, பெரிய மாற்றத்தில் மட்டும் ஆடுவது இன்னொரு அடையாளம். கெயினைக் குறைத்து இதைச் சரிசெய்ய முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் குறையும்; கூடவே கட்டுப்பாடும் மந்தமாகிவிடும்.

மாற்றத்தைச் சுற்றுக்கு வெளியே மெதுவாக்குங்கள். செட்பாயிண்ட் 85-க்குத் தாவாமல் நிமிடத்துக்கு 2.5 டிகிரி வீதம் 10 நிமிடத்தில் போகட்டும். வால்வு அந்தப் பத்து நிமிடத்தில் சுமார் 17 சதவீதம் நகர்ந்தால் போதும். சுற்றின் நிலைத்தன்மையை இது தொடுவதே இல்லை. விலையாக, இந்த ராம்ப் ஓடும்போது வெப்பநிலை செட்பாயிண்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 1.25 டிகிரி தள்ளி வரும். ராம்ப் முடிந்ததும் அந்த இடைவெளி மறையும். அதைப் பிழை என்று எண்ணி இன்டக்ரலைக் கூட்ட வேண்டாம்.

இரண்டு இடங்களில் ராம்ப் காலைவாரும். கன்ட்ரோலர் மேனுவலில் இருக்கும்போது செட்பாயிண்ட் உண்மை வெப்பநிலையைப் பின்தொடர வேண்டும். ஆட்டோவுக்கு மாற்றும்போது ராம்ப் அங்கிருந்து தொடங்க வேண்டும். பழைய 60-இல் தொடங்கினால், 75 டிகிரியில் இருக்கும் திரவத்தைக் குளிர்விக்க வால்வை மூடிவிடும். அடுத்தது, நடுவில் நீராவி அழுத்தம் விழுந்தால் ராம்ப் தனியாக ஓடிப்போய் 85-இல் நின்றுவிடும்; நீராவி திரும்பும்போது அகலத் திறந்த வால்வு காத்திருக்கும். இடைவெளி 5 டிகிரியைத் தாண்டினால் ராம்ப் நின்று காத்திருக்கும்படி அமையுங்கள்.

அவுட்புட் வேகத்தடையை எடுத்துவிடச் சொல்லவில்லை. சென்சார் கோளாறு, யாரோ மேனுவலில் தவறாக அடித்த எண் ஆகியவற்றை ராம்ப் தடுக்காது. ஆனால் அது காவலாளியாக இருக்கட்டும்: திறக்க விநாடிக்கு 0.5, மூட விநாடிக்கு 5 சதவீதம். சாதாரண ஓட்டத்தில் வால்வு அந்த எல்லையைத் தொடவே கூடாது.

```
OUT := OUT + LIMIT(-5.0*TS, OUT_PID - OUT, 0.5*TS);
FB  := OUT;
```

TS என்பது விநாடியில் ஸ்கேன் நேரம். இரண்டாவது வரிதான் பலர் விட்டுவிடுவது. தடைக்குப் பிந்தைய மதிப்பு இன்டக்ரலுக்குத் திரும்பிப் போக வேண்டும். உங்கள் கன்ட்ரோலரில் அதற்கான உள்ளீட்டில் FB-ஐ இணையுங்கள். அப்போது வால்வு போக முடியாத இடத்துக்கு இன்டக்ரல் முன்னோடாது.

அவசர நிறுத்தம் இந்த வரிகள் வழியாக வரக் கூடாது. வால்வின் காற்றை நேரடியாக வெளியேற்றும் சோலினாய்டு தனி வயரில் இருக்கட்டும். 87 சதவீதத்தில் திறந்திருக்கும் வால்வு உங்கள் இப்போதைய 0.2 வேகத்தில் மூட ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். ராம்ப் எழுதும் முன்பே, இன்றைக்கே அவசர நிறுத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.