‘ஆய்வு செய்து வழங்கப்படும்’: ஆய்வு செய்வது யார்?

“வீடு கட்ட ஒப்பந்ததாரருடன் போட்ட ஒப்பந்தத்தில், ‘மேல்தளக் கான்கிரீட் பணியை ஆய்வு செய்து, 7 நாட்களுக்குள் மூன்றாம் தவணை ரூ.4 லட்சம் வழங்கப்படும்’ என்று இருக்கிறது. தளம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பொறியாளரை அழைத்துவந்து பார்ப்பது என் வேலை என்கிறார் அவர். அவர்தான் செய்துகாட்ட வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?”

அவர் பக்கம்தான் சற்று வலுவாக இருக்கிறது. ஆனால் அந்த வலு அரைகுறையானது.

‘ஆய்வு செய்து’ என்பது வினையெச்சம். ‘செய்து’ வாய்பாட்டு எச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் செய்பவர் ஒருவரே என்பது நன்னூல் சொல்லும் விதி. ‘அவன் குளித்துச் சாப்பிட்டான்’ என்றால் குளித்தவனும் சாப்பிட்டவனும் ஒருவனே. உங்கள் வாக்கியத்தை முடிக்கும் வினை ‘வழங்கப்படும்’. அதற்கு எழுவாய் ‘தவணை’. தவணை ஆய்வு செய்யாது. ஆகவே எச்சம் பற்றிக்கொள்ள ஆளின்றி நிற்கிறது. பணம் வழங்குபவர் நீங்கள் என்பதை வைத்து, ஆய்வு செய்பவரும் நீங்களே என்று ஊகிக்கலாம். அவர் வாதம் அந்த ஊகத்தின்மேல்தான் நிற்கிறது.

இலக்கணத்தை மட்டும் நம்பி அதை முடிவு செய்துவிடவும் முடியாது. ‘மழை பெய்து பயிர் விளைந்தது’ என்று வேறு வேறு எழுவாய்களோடும் தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அதையே பிடித்துக்கொண்டு நீங்களும் வாதாடலாம்.

பெரிய சிக்கல் நாள் கணக்கில்தான் இருக்கிறது. 7 நாள் எங்கிருந்து தொடங்குகிறது? ஆய்வு முடிந்ததிலிருந்து என்றால், ஆய்வே நடக்காதபோது தவணைக்கு நாளே வராது. அதற்காக நீங்கள் காலவரையின்றிக் காத்திருக்கலாம் என்று பொருளில்லை. நிறைவேற்றக் காலம் குறிக்காத கடமையை நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 46ஆம் பிரிவு. எது நியாயம் என்பது சூழலைப் பொறுத்தது. வழக்கு என்று போனால் மூன்று வாரத் தாமதத்துக்கு நீங்களும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எனவே முதலில் உங்கள் பொறியாளரை வைத்துப் பார்த்து, குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள்; இல்லையென்றால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இனி வரும் தவணைகளுக்கும் இதே அமைப்பு இருக்கும். அவற்றைத் திருத்தும்போது ‘ஆய்வு செய்து’ என்பதை ‘ஆய்வு செய்த பின்’ என்று மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்னும் மோசம். ‘பின்’ வரும்போது செய்பவர் ஒருவரே என்ற அந்த ஊகம்கூட இல்லாமல் போகும். எச்சத்தை உடைத்து ஒவ்வொரு வினையையும் தனி வாக்கியமாக்கி, செய்பவரை முன்னால் வையுங்கள். ‘படும்’ என்று முடியும் இடமெல்லாம் ‘யாரால்?’ என்று கேட்டுப் பதிலை எழுவாயாக்குங்கள். உங்கள் வாக்கியம் இப்படி ஆகும்:

“கான்கிரீட் போட்ட மறுநாளுக்குள் ஒப்பந்ததாரர் அதை உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 3 நாட்களுக்குள் உரிமையாளர் தம் செலவில் பொறியாளரைக் கொண்டு பணியை ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வில் குறை இல்லையெனில், ஆய்வு முடிந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் உரிமையாளர் ரூ.4 லட்சத்தை ஒப்பந்ததாரருக்குச் செலுத்த வேண்டும். குறை இருந்தால் அதே 7 நாட்களுக்குள் உரிமையாளர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் 3 நாட்களுக்குள் ஆய்வு செய்யாவிட்டால், ஒப்பந்ததாரர் தெரிவித்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் உரிமையாளர் அதே தொகையைச் செலுத்த வேண்டும். இதனால் பின்னர் தெரியவரும் குறைகளைச் சரிசெய்யக் கேட்கும் உரிமையை உரிமையாளர் இழக்கமாட்டார்.”

ஒரு வரி ஆறு வாக்கியங்களாகிவிட்டது. பரவாயில்லை, ஆய்வு நடக்காமல் போனால் என்ன என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியில் பதிலே இல்லை.

எழுவாய் இருந்தும் ஏமாற்றும் வாக்கியங்களையும் பாருங்கள். ‘கம்பிகளைச் சரிபார்த்து, ஒப்பந்ததாரர் கான்கிரீட் போட வேண்டும்’ என்று இருந்தால் குழப்பமே இல்லை: சரிபார்ப்பவரும் அவரே. உங்கள் பொறியாளர் பார்ப்பார் என்பது உங்கள் மனதில் மட்டும்தான் இருக்கும். கான்கிரீட் விழுந்துவிட்டால் கம்பியின் இடைவெளியையும் அதைக் கட்டியிருக்கும் விதத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே, ‘உரிமையாளரின் பொறியாளர் கம்பிகளைச் சரிபார்த்து எழுத்தில் ஒப்புதல் தரும்வரை ஒப்பந்ததாரர் கான்கிரீட் போடக் கூடாது’ என்று பிரித்து எழுதுங்கள். பொறியாளர் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். இல்லாவிட்டால் ஆட்களும் கலவை இயந்திரமும் காத்திருக்கும் செலவு யாருடையது என்று அடுத்த சண்டை வரும்.

கையெழுத்தான ஒப்பந்தத்தில் பேனாவால் அடித்துத் திருத்த வேண்டாம். மூல ஒப்பந்தத்தின் தேதியையும் மாற்றும் பிரிவின் எண்ணையும் குறிப்பிட்டு, புதிய வாசகத்தை முழுமையாக எழுதிய துணை ஒப்பந்தம் ஒன்றில் இருவரும் கையெழுத்திடுங்கள்.