பித்தளை விளக்கை டிஷ்வாஷரில் போடலாமா?

"அக்கா, மியூனிக் வந்து இரண்டு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு தேய்க்க முடியலை. பித்தளைக் குத்துவிளக்கு, செம்புப் பஞ்சபாத்திரம், வெள்ளிக் காமாட்சி விளக்கு எல்லாத்தையும் டிஷ்வாஷர்லயே போட்டுடலாமா?"

வேண்டாம். மூன்றுக்கும் இதே பதில்தான், காரணம்தான் வேறு வேறு.

டிஷ்வாஷர் மாத்திரை கையால் தேய்க்கும் சோப்பைவிடக் காரம் மிகுந்தது, பெரும்பாலும் வெளுப்பானும் கலந்திருக்கும். கூடவே ஐம்பது, அறுபது டிகிரி வெந்நீர், ஒரு மணி நேரத்துக்கு மேல். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இந்தக் காரத்தில் மேல்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து போகலாம். போன இடத்தில் செம்பு மட்டும் நிற்கும். எங்கள் குடியிருப்பில் ஒரு தோழி விளக்கை அப்படிப் போட்டு எடுத்தபோது தண்டு மங்கிப்போய், அகலின் விளிம்பில் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. இத்தனைக்கும் திரி வைக்கும் மூக்கில் கருகிய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது!

ஏற்கெனவே போட்டு எடுத்து நிறம் மாறியிருந்தால், புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பழுப்போ கறுப்போ போய்விட்டால் அது வெறும் களிம்பு. சிவப்பு போகவில்லை என்றால் உலோகமே அரித்திருக்கிறது. மேலோட்டமாக இருந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆழமாக இருந்தால் கஷ்டம். புளியையும் பூசிவிட்டு மணிக்கணக்கில் ஊற வைக்காதீர்கள், அதுவும் இதே சிவப்பைக் கொடுக்கும்.

செம்பு கறுத்துப்போகும், அவ்வளவுதான். புளியில் வந்துவிடும்.

வெள்ளியில்தான் ஜாக்கிரதை தேவை. எவர்சில்வர் கரண்டியோடு உரசிக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் தொட்ட இடத்தில் கறை விழும். சில வெள்ளி விளக்குகளில் அடிப்பாகத்துக்குள் எடைக்காக அரக்கு அடைத்திருப்பார்கள். வெந்நீரில் அது இளகி, அடி ஆட்டம் காணும். முலாம் பூசியதென்றால் முலாமே மெலிந்துவிடும்.

நான் செய்வது இப்படி: விளக்கைக் கழற்றி, டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுப்பேன். மிச்சத்தை அரிசி மாவு தூவித் துடைப்பேன். பாதி வேலை இதிலேயே முடிந்தது. அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பித்தளைக்கும் செம்புக்கும் மட்டும் நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு நிமிஷத்தில் அலசிவிட வேண்டும். வெள்ளிக்கு விபூதி போதும். கழுவியதும் பருத்தித் துணியால் உடனே துடையுங்கள். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

வாரா வாரம் புளி தேவையில்லை. துடைத்து வைத்தாலே மாசத்துக்கு ஒரு தடவை போதும். விளக்கு வைக்கும் எவர்சில்வர் தட்டை மட்டும் டிஷ்வாஷரில் தாராளமாகப் போடுங்கள்.