‘சரீரிண:’ ஒருவரா, பலரா?

கேள்வி: தமிழ் எழுத்தில் அச்சான கீதையை வீட்டில் படித்து வருகிறேன். 2-ஆம் அத்தியாயம் 18-ஆம் சுலோகத்தில் ‘நித்யஸ்ய’, ‘அநாசின:’, ‘அப்ரமேயஸ்ய’ என்று அடைமொழிகளாகவே வருகின்றன, ஆத்மா என்ற சொல்லையே காணோம். இவை யாரைச் சொல்கின்றன? ‘சரீரிண:’ என்பதற்கு ஒரு புத்தகம் ‘உடலெடுத்தவர்கள்’ என்கிறது. இன்னொன்று ‘உடலை உடையவனுடைய’ என்கிறது. ‘தேஹா’ பெண்பால் என்று ஒரு இணைய வகுப்பில் சொன்னார்கள். எதை நம்புவது?

பதில்: ‘உடலை உடையவனுடைய’ என்பதே சரி. ‘தேஹா’ பெண்பால் இல்லை, ஆண்பால் பன்மை. இரண்டையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம், அதற்கு அகராதிகூடத் தேவைப்படாது.

முதலில் தமிழில் நடப்பதைக் கவனியுங்கள். ‘நல்ல மனிதன்’, ‘நல்ல பெண்’, ‘நல்ல புத்தகம்’ என்று சொல்லும்போது ‘நல்ல’ மாறுவதில்லை. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டால் மட்டும் ‘நல்லவன்’, ‘நல்லவள்’, ‘நல்லது’ என்று பால் காட்டும் விகுதி வந்து சேர்கிறது. சமஸ்கிருதத்தில் இந்த இரண்டாவது வகைதான் எப்போதும். பெயர்ச்சொல் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைமொழி ‘நல்லவன், நல்லவள், நல்லது’ என்கிற மாதிரியே விகுதியோடு வரும். அதனால்தான் பெயர்ச்சொல்லைத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். விடுபட்டது எது என்பதை விகுதி காட்டிக்கொடுக்கும். இதற்கு மாணவர்கள் பாடம் செய்யும் சுலோகம் ஒன்று உண்டு: ‘யல்லிங்கம் யத்வசனம் யா ச விபக்திர் விசேஷ்யஸ்ய, தல்லிங்கம் தத்வசனம் ஸைவ விபக்திர் விசேஷணஸ்யாபி’. பெயர்ச்சொல்லுக்கு எந்தப் பாலோ, எந்த எண்ணோ, எந்த வேற்றுமையோ, அடைமொழிக்கும் அதேதான்.

இனி உங்கள் சுலோகம். ‘அந்தவந்த இமே தேஹா நித்யஸ்யோக்தா: சரீரிண:, அநாசினோப்ரமேயஸ்ய’. பொருள் தேடுவதற்கு முன் சந்தியைப் பிரித்துவிடுங்கள்: அந்தவந்த:, இமே, தேஹா:, நித்யஸ்ய, உக்தா:, சரீரிண:, அநாசின:, அப்ரமேயஸ்ய.

‘தேஹா’ குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. மூலச்சொல் ‘தேஹா:’, ‘:’ என்று எழுதும் விசர்க்கத்தோடு கூடிய ஆண்பால் பன்மை. அடுத்த சொல் ‘நித்யஸ்ய’ நகரத்தில் தொடங்குவதால் சந்தியில் விசர்க்கம் விழுந்து, பார்வைக்கு ‘மாலா’, ‘லதா’ போன்ற பெண்பால் ஒருமையாக நிற்கிறது. ‘ஆ’ என்று முடியும் சொல்லைக் கண்டவுடனே பெண்பால் என்று முடிவுகட்டுவது, சந்தியைப் பிரிக்காமல் படிக்கிறவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம். அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்த பிறகுதான் பாலைப் பற்றிப் பேச வேண்டும்.

பிரித்த பிறகு, ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இடம் தரும் விகுதியைத் தேடுங்கள். ‘அந்தவந்த:’ அப்படிப்பட்டது. அது முதல் வேற்றுமை ஆண்பால் பன்மை: ‘முடிவுடையவர்கள்’, உயிரற்ற பொருளானால் தமிழில் ‘முடிவுடையவை’. ‘இமே தேஹா:’ (இந்த உடல்கள்), ‘உக்தா:’ (சொல்லப்பட்டவை) இரண்டும் அதோடு பொருந்திவிடுகின்றன. ஆக ஒரு குழு பன்மையில் சேர்ந்துவிட்டது.

அடுத்தது ‘நித்யஸ்ய’. ‘அஸ்ய’ என்று முடிவது ஆறாம் வேற்றுமை ஒருமை, ‘நிலையானவனுடைய’. ‘அப்ரமேயஸ்ய’ என்பதும் அதே முடிவு. மிச்சம் இருப்பவை ‘சரீரிண:’, ‘அநாசின:’ இரண்டும்தான். உங்கள் புத்தகங்கள் பிரிகிற இடமும் இதுதான். ‘இன்’ என்று முடியும் சொற்களுக்கு (சரீரின், அநாசின், குணின்) ‘இண:’ அல்லது ‘இன:’ என்ற ஒரே வடிவம் பல வேலை பார்க்கிறது. முதல் வேற்றுமைப் பன்மையும் அதுதான், இரண்டாம் வேற்றுமைப் பன்மையும் அதுதான், ஐந்தாம், ஆறாம் வேற்றுமை ஒருமைகளும் அதுதான். தனியாக எடுத்துப் படித்தால் ‘உடலெடுத்தவர்கள்’ என்று சொல்ல வழி இருக்கிறது. ஆனால் அது தனியாக நிற்கவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத ‘நித்யஸ்ய’ முன்னாலும் ‘அப்ரமேயஸ்ய’ பின்னாலும் நிற்கின்றன. நடுவில் இருக்கும் இரண்டும் அவற்றோடு சேர்ந்து ஆறாம் வேற்றுமை ஒருமை ஆகின்றன. பலரைச் சொல்ல நினைத்திருந்தால் சுலோகத்தில் ‘நித்யானாம் சரீரிணாம் அநாசினாம் அப்ரமேயாணாம்’ என்று இருந்திருக்கும்.

ஆக, பொருள்: ‘நிலையானவனும் அழியாதவனும் அளந்தறிய முடியாதவனுமான, உடலை உடையவனுக்கு உரிய இந்த உடல்கள் முடிவுடையவை என்று சொல்லப்படுகின்றன.’ உடல்கள் பன்மை, உடையவன் ஒருமை. எண் வேறுபாட்டை வைத்தே சுலோகம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. உடையவனைப் பன்மையாக மொழிபெயர்த்தால் சுலோகத்தின் முதுகெலும்பே போய்விடுகிறது. இதை வைத்து உலகில் ஆத்மா ஒன்றா பலவா என்ற வாதத்தைத் தீர்த்துவிட முடியாது. இனத்தையே ஒருமையில் சொல்லும் வழக்கம் உண்டு என்பதால் அந்த வாதம் வேறு இடத்தில் நடக்க வேண்டியது.

பாலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆறாம் வேற்றுமையில் ஆண்பாலுக்கும், ஆணும் பெண்ணும் அல்லாத பாலான நபும்ஸகத்துக்கும் வடிவம் ஒன்றேதான். ‘நித்யஸ்ய’ என்பது ‘நிலையானவனுடைய’ ஆகலாம், ‘நிலையானதனுடைய’ ஆகலாம். 18-ஆம் சுலோகம் மட்டும் இதற்கு விடை தராது, அக்கம்பக்கம் பார்க்க வேண்டும். 17-இல் ‘அவிநாசி து தத் வித்தி’ என்று வருகிறது. ‘அவிநாசி’ குறில் இகரத்தில் முடிகிறது, கூடவே ‘தத்’ இருக்கிறது. இரண்டும் நபும்ஸகம்: ‘அழியாதது அது என்று அறி’. ஆண்பால் என்றால் ‘அவிநாசினம்’, ‘தம்’ என்று வந்திருக்கும். 21-இல் அதே சொல் ‘வேதாவிநாசினம் நித்யம் ய ஏனம் அஜம் அவ்யயம்’ என்று வருகிறது. இதில் ‘நித்யம், அஜம், அவ்யயம்’ மூன்றும் இரண்டு பாலுக்கும் பொது. ‘அவிநாசினம்’, ‘ஏனம்’ என்ற இரண்டு மட்டும்தான் ஆண்பால் என்று உறுதியாகச் சொல்கின்றன. நபும்ஸகமாக இருந்தால் ‘அவிநாசி’, ‘ஏனத்’ என்றிருக்கும். 20-இலும் ‘அஜோ நித்ய: சாச்வதோயம் புராணோ’ என்று ஆண்பால்தான். 18-இல் விடுபட்ட பெயர்ச்சொல் ஆத்மா என்று கொள்வதற்கு இதுவே பலம். சமஸ்கிருதத்தில் ‘ஆத்மன்’ ஆண்பால் சொல்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், உங்கள் கையில் இருப்பது போன்ற மலிவுப் பதிப்புகள். தமிழ் எழுத்தில் அச்சிடும்போது விசர்க்கப் புள்ளிகளைப் பாதி இடத்தில் விட்டுவிடுகிறார்கள். குறில் நெடில் மாறிப்போகிறது. பதவுரை என்ற பெயரில் ‘நித்யஸ்ய - நிலையான, சரீரிண: - ஆத்மா’ என்று போட்டு வேற்றுமையையே துடைத்துவிடுகிறார்கள். அர்ச்சனைப் புத்தகங்களின் நிலை இன்னும் மோசம். அம்பாளுக்கு ‘நிர்குணாயை நம:’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நிர்குணாய நம:’ என்று அச்சாகிறது. ஓர் ஐகாரம் போனதில் பாலே மாறிவிட்டது. அடுத்த பதிப்பும் அதே பிழையோடுதான் வருகிறது.

இதைவிட ஆபத்தானவர்கள், ‘முப்பதே நாளில் கீதையை மூலத்தில் படிக்கலாம்’ என்று பணம் வாங்கி, கடைசியில் சான்றிதழும் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள். வேற்றுமையைக் கற்றுத்தராமல் மூலத்தைப் படிக்க வைப்பதாக யார் சொன்னாலும் பணத்தைக் கட்டாதீர்கள். சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த அடைமொழி எந்தச் சொல்லோடு சேர்கிறது, எப்படித் தெரியும்?’ ‘கருத்தைப் பிடித்தால் போதும்’ என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். இவர்களுக்கு ஆள் சேர்வதற்குக் காரணமே நம் பாடத்திட்டம்தான். ராம சப்தத்தின் 24 வடிவங்களையும் ஒப்பிக்க வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, எந்த அடைமொழி எந்தப் பெயரோடு ஒட்டுகிறது என்று கேட்பது அபூர்வம். ஒப்பித்த பையன் கீதையைத் திறந்தால் ‘சரீரிண:’ என்பதற்கு முன் திகைத்து நிற்கிறான்.

விதிவிலக்கு ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேடையில் இதை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்த இருவரை ஒரே அடைமொழியால் சொன்னால் அது ஆண்பாலில்தான் வரும். ‘வ்ருத்தௌ’ என்றால் முதியவர் இருவர். இரண்டு கிழவர்களாக இருக்கலாம், கிழவனும் கிழவியுமாகவும் இருக்கலாம். ‘வ்ருத்தே’ என்று பெண்பால் இருமை வந்தால் மட்டும்தான் இருவரும் பெண்கள் என்பது உறுதி. பாணினி இதை 1.2.67-இல் ‘புமான் ஸ்த்ரியா’ என்று சூத்திரமாகவே சொல்லியிருக்கிறார். ‘பிதா’வும் ‘மாதா’வும் சேர்ந்தால் ‘பிதரௌ’ என்று மட்டும் சொல்லலாம் என்பது 1.2.70.

காளிதாசரின் ரகுவம்சத் தொடக்கத்தில் ‘ஜகத: பிதரௌ வந்தே பார்வதீபரமேச்வரௌ’ என்று வருகிறது. ‘பிதரௌ ஆண்பால், ஆகவே இருவரும் ஆண்கள், இது பார்வதீப, ரமேச்வர என்று பிரிந்து சிவனையும் திருமாலையும்தான் குறிக்கிறது’ என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிரித்துப் படிப்பது சாமர்த்தியமான வாசிப்பு, இலக்கணத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் ‘பிதரௌ’ அதற்குச் சான்று ஆகாது. அம்மையப்பனைச் சொன்னாலும் அது ‘பிதரௌ’தான். ‘ஸம்ப்ருக்தௌ’ என்ற அடைமொழியும் அப்படியே. ‘பார்வதீபரமேச்வரௌ’ என்ற தொகைச்சொல்லின் கடைசிச் சொல் ‘பரமேச்வர’ ஆண்பால் என்பதால் அதுவும் ஆண்பால் இருமையில்தான் வந்தாக வேண்டும். பெண்பால் விகுதி, உள்ளே இருப்பது பெண் என்று உறுதியாகக் காட்டும் அளவுக்கு ஆண்பால் இருமை எதையும் காட்டாது.

புதுப் பதிப்பு வாங்கினால் சந்தியைப் பிரித்துக் காட்டும் பதச்சேதமும், சொற்களை உரைநடை வரிசையில் அடுக்கும் அந்வயமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போதைக்கு 27-ஆம் சுலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஜாதஸ்ய ஹி த்ருவோ ம்ருத்யுர் த்ருவம் ஜன்ம ம்ருதஸ்ய ச’. ஒரே அடைமொழி ஏன் ஒரு தடவை ‘த்ருவோ’ என்றும் மறுதடவை ‘த்ருவம்’ என்றும் வருகிறது என்று எழுதிப் பாருங்கள். ‘ம்ருத்யு’ ஆண்பால், ‘ஜன்மன்’ நபும்ஸகம். அதன் பிறகு ‘ஜாதஸ்ய’, ‘ம்ருதஸ்ய’ இரண்டுக்கும் எந்தப் பெயர்ச்சொல் விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். ‘பிறந்தவனுக்கு’ என்று எழுதுவீர்களா, ‘பிறந்ததற்கு’ என்றா என்பதை அந்த இரண்டு வடிவங்களும் சொல்லாது. 26-ஆம் சுலோகத்தின் ‘ஏனம்’ சொல்லும்.