வாட்ஸ்அப்பில் வரும் டியூட்டி லிஸ்டை வாரக் கட்டமாக மாற்றுவது

கேள்வி: எங்க வார்டு டியூட்டி லிஸ்டை இன்சார்ஜ் சிஸ்டர் வாட்ஸ்அப்ல வரி வரியா டைப் பண்ணிப் போடுறாங்க. அதை பேர் இடப்பக்கம், கிழமை மேலே வர்ற மாதிரி கட்டமா மாத்தணும். கையால பண்ணா ஒவ்வொரு வாரமும் எங்கயாவது தப்பு வருது. ஈசியா வழி இருக்கா?

பதில்:

என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இதே வேலையை ரெண்டு வருஷமாக ஞாயிறு ராத்திரி நான்தான் செய்து கொடுக்கிறேன், அதனால் எங்கே இடறும் என்று ஓரளவு தெரியும்.

கையால் செய்யும்போது தப்பு வருவதற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு இல்லை. சிஸ்டர் எழுதுவது நாள்வாரியாக: இந்த நாள், இந்த ஷிப்ட், இன்னின்னார். உங்களுக்கு வேண்டியது ஆள்வாரியாக. ஆறு பேர் உள்ள வார்டு என்றால்கூட 42 கட்டம், ஒவ்வொன்றுக்கும் கண் மேலும் கீழும் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தை ஷீட்டிடம் விட்டுவிடலாம். நான் சொல்வது கூகுள் ஷீட்ஸில். எக்ஸெல் என்றால் 2021 அல்லது 365 வேண்டும், அதற்கு முந்தையவற்றில் FILTER கிடையாது. பிவட் டேபிள் போட்டுப் பார்க்காதீர்கள், அது கட்டத்துக்குள் "நைட்" என்ற சொல்லைக் காட்டாமல் எண்ணிக்கையைத்தான் காட்டும்.

மெசேஜ் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (பெயர்கள் என் கற்பனை):

```
திங்கள்
காலை - செல்வி, மேரி
மாலை - கலா, தேவி
நைட் - ஜோதி
ஆஃப் - ரேவதி
```

இதே மாதிரி ஞாயிறு வரை. அந்த ஒரு மெசேஜை மட்டும் காப்பி செய்யுங்கள். நாலைந்து மெசேஜைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் நேரம், தேதி, அனுப்பியவர் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், அதைச் சுத்தம் செய்வது தனி வேலை. ஷீட்டில் முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டு, A2 கட்டத்தை ஒரே ஒரு தடவை கிளிக் செய்து ஒட்டுங்கள். டபுள் கிளிக் செய்து ஒட்டினால் மொத்த மெசேஜும் ஒரே கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். "இந்த வார டியூட்டி 12-18" மாதிரி மேலே ஏதாவது வரி இருந்தால் அழித்துவிடுங்கள், ஏன் என்று அடுத்து புரியும்.

இப்போது B2, C2, D2, E2 நான்கிலும் வரிசையாக இவற்றைப் போட்டு 60-வது வரிசை வரை இழுத்து விடுங்கள்:

```
=IF(OR(A2="",ISNUMBER(SEARCH("-",A2))),B1,TRIM(A2))
=IF(ISNUMBER(SEARCH("-",A2)),TRIM(LEFT(A2,SEARCH("-",A2)-1)),"")
=IF(C2="","",","&SUBSTITUTE(MID(A2,SEARCH("-",A2)+1,200)," ","")&",")
=IF(D2="",0,LEN(D2)-LEN(SUBSTITUTE(D2,",",""))-1)
```

B செய்வது இவ்வளவுதான்: வரியில் கோடு இல்லையென்றால் அது கிழமை, கோடு இருந்தால் மேலே கடைசியாகப் பார்த்த கிழமையையே இறக்கிக்கொள்ளும். C ஷிப்ட். D அந்த ஷிப்டில் இருப்பவர்கள். E அந்த வரியில் எத்தனை பேர் என்ற கணக்கு, அது பின்னால் உதவும். "12-18" என்ற தலைப்பு வரியை அழிக்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் கோடு இருப்பதால் ஷீட் அதையும் ஒரு ஷிப்ட் என்று எடுத்துக்கொள்ளும். மறுபக்கம், "எல்லாரும் டைமுக்கு வாங்க" என்று நடுவில் ஒரு வரி இருந்தால் அதில் கோடு இல்லை, உடனே அது ஒரு கிழமை ஆகிவிடும்! சில போன் கீபோர்டு சின்னக் கோட்டுக்குப் பதில் நீளக் கோடு போடும், அப்போதும் இதே கதைதான். B நெடுவரிசையை மேலிருந்து கீழ் ஒருமுறை பாருங்கள், ஏழு கிழமை தவிர வேறு எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் A-யில் அந்த வரியைத் திருத்துங்கள்.

D-யில் பெயர்களின் இரண்டு பக்கமும் காற்புள்ளி வைத்து `,செல்வி,மேரி,` என்று ஆக்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாமல் முதலில் நான் வெறுமனே பெயரைத் தேடினேன். "மேரி" என்று தேடினால் "ரோஸ்மேரி" இருக்கும் வரியும் மாட்டியது, பாவம் மேரிக்கு ஒரே நாளில் ரெண்டு டியூட்டி. காற்புள்ளியோடு சேர்த்துத் தேடினால் முழுப்பெயர் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்து கட்டம். F2-இலிருந்து கீழே பெயர்கள், G1-இலிருந்து M1 வரை திங்கள் முதல் ஞாயிறு. G2-இல் இது, அப்புறம் வலமும் கீழும் இழுக்க வேண்டியதுதான்:

```
=IFERROR(TEXTJOIN("/",TRUE,FILTER($C$2:$C$60,($B$2:$B$60=G$1)*ISNUMBER(SEARCH(","&$F2&",",$D$2:$D$60)))),"")
```

F-இல் பெயர்களை நீங்களாக டைப் செய்யாதீர்கள், மெசேஜிலிருந்தே காப்பி செய்யுங்கள். (இனிஷியலுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள், D-யில் இடைவெளி எதுவும் இருக்காது.) இது சோம்பேறித்தனம் இல்லை. தமிழில் "ஜோ" என்ற எழுத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் `=LEN(F6)` போட்டுப் பார்த்தால் ஒரு ஜோதிக்கு 4 வரும், இன்னொரு ஜோதிக்கு 5 வரும். எனக்கு ஒரு வாரம் முழுக்க ஜோதியின் வரிசை காலியாக வந்து, ஒரு மணி நேரம் ஃபார்முலாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கட்டம் வந்துவிட்டது என்று உடனே அனுப்பாதீர்கள். இந்தக் கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் சரியாக ஒரு சொல் இருக்க வேண்டும், ஆஃப் உட்பட. காலியாக இருந்தால் அந்த ஆள் அந்த நாளில் எழுதப்படவில்லை, அல்லது பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. "காலை/நைட்" என்று இருந்தால் ரெண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறார். நான் TEXTJOIN வைத்தது இதற்காகத்தான். முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் காட்டும் ஃபார்முலாக்கள் ஷிப்ட் சார்ட்டுக்கு ஆகாது, அவை தப்பை அழகாக மூடிவிடும்.

ஒரு உதாரணம். புதன் கிழமை இப்படி இருந்தது:

```
புதன்
காலை - ஜோதி, ரேவதி
மாலை - செல்வி, மேரி
நைட் - தேவி
ஆஃப் - கலா
```

செவ்வாய் சாயங்காலம் குரூப்பில் ஒரு வரி: "புதன் நைட் தேவிக்குப் பதில் ஜோதி". நீங்கள் A-யில் நைட் வரியில் தேவியை எடுத்துவிட்டு ஜோதியைப் போடுகிறீர்கள். (எப்போதும் A-யில்தான் மாற்ற வேண்டும். கட்டத்துக்குள் டைப் செய்தால் அந்த இடத்தின் ஃபார்முலா போய்விடும்.) உடனே புதன் நெடுவரிசையில் ஜோதிக்கு "காலை/நைட்", தேவிக்குக் காலி. மெசேஜைப் படிக்கும்போது முழுசாகத் தெரிந்த மாற்றம், கட்டத்தில் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. ஜோதியின் காலை ஷிப்டை தேவி எடுக்கிறாரா, இல்லை தேவி லீவா? லீவு என்றால் காலையில் ஒரு ஆள் குறைகிறதே? இதற்கு நீங்களாக ஒரு பதிலை யூகித்துக் கட்டத்தை நிரப்பாதீர்கள். சிஸ்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் "அட ஆமா, தேவி காலைக்கு வரட்டும்" என்பார்கள். அதுவும் A-யில் போக வேண்டும்.

இத்தோடு முடியவில்லை. புதன் நைட் முடிவது வியாழன் காலை. வியாழன் பட்டியலில் ஜோதிக்குக் காலை டியூட்டி இருந்தால் அவர் நைட் முடித்த கையோடு அடுத்த ஷிப்டிலும் நிற்க வேண்டும். நாள்வாரி மெசேஜில் இது கண்ணில் படவே படாது, ஏனென்றால் ரெண்டு பெயரும் வேறு வேறு பத்தியில் இருக்கும். கட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். H2:M7-ஐத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் இந்த ஃபார்முலாவைக் கொடுத்து சிவப்பு வைத்துவிடுங்கள்:

```
=AND(ISNUMBER(SEARCH("நைட்",G2)),ISNUMBER(SEARCH("காலை",H2)))
```

இதில் திங்கள் மட்டும் தப்பித்துவிடும், அதற்கு முந்தின ஞாயிறு போன வாரத்து ஷீட்டில் இருக்கிறதே. G-க்கு இடப்பக்கம் ஒரு நெடுவரிசை நுழைத்து போன ஞாயிறு யார் நைட் என்று மட்டும் கையால் போட்டு, மேலே சொன்ன சிவப்பு விதியை திங்களையும் சேர்த்து மறுபடி வைத்துக்கொள்ளுங்கள். நைட்டை எப்போதும் அது ஆரம்பிக்கும் நாளின் கட்டத்திலேயே வையுங்கள். ராத்திரி 12:30-க்கு "நாளைக்கு நைட் நான் வரல" என்று யாராவது போட்டால் எந்த நாளைக்கு என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு கணக்கு. E நெடுவரிசையின் கூட்டல் மெசேஜில் இருக்கும் மொத்தப் பெயர்கள். ஆறு பேர், ஏழு நாள், 42 வர வேண்டும். கட்டம் முழுக்க ஒவ்வொரு சொல்லாக நிறைந்திருந்து E மட்டும் 43 என்றால், F பட்டியலில் இல்லாத ஒரு பெயர் மெசேஜில் இருக்கிறது. வேறு வார்டிலிருந்து ஒரு நாளுக்கு அனுப்பப்பட்டவராக இருப்பார். அவர் உங்கள் கட்டத்தில் எங்குமே தெரிய மாட்டார், இந்தக் கூட்டலில் மட்டும்தான் பிடிபடுவார். F-இல் அவருக்கும் ஒரு வரிசை சேருங்கள். அவருக்கு மற்ற ஆறு நாளும் காலியாக இருப்பது சரிதான்.

வாரத்துக்கு ஒரு ஷீட் என்று நகல் எடுத்துக்கொண்டு A-யை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். ஃபார்முலாக்களில் இருக்கும் 60-ஐக் கூட்டி ஒரே ஷீட்டில் ஒரு மாதத்தை ஒட்டினால் நாலு திங்களும் ஒரே கட்டத்தில் "காலை/மாலை/ஆஃப்/காலை" என்று குவியும். குரூப்பில் கட்டத்தைப் படமாகப் போடும்போது மூலையில் எப்போது எடுத்தது என்று தேதி, நேரம் எழுதிவிடுங்கள், மாற்றத்துக்கு முந்தைய படத்தை சேமித்து வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் டியூட்டிக்கு வருவார்கள்.