ஜீன்ஸின் நீலம் நூலின் மேல்தோலில்தான் இருக்கிறது

கேள்வி: பெங்களூரில் பிஜியில் தங்கியிருக்கிறேன். ஆசையாக வாங்கிய கருநீல ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் ஆறு மாதத்தில் தொடையில் வெளுத்து, முட்டியில் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஜீன்ஸை எப்படித்தான் துவைப்பது?

உங்கள் ஜீன்ஸின் கால் விளிம்பில் பிரிந்து தொங்கும் நீல நூல் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை இழுத்தெடுத்து நகத்தால் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மேலேதான் நீலம். நடுவில் வெள்ளை. நெடுக்கே ஓடும் பாவு நூலை மட்டும் இண்டிகோவில் முக்கி, காற்றில் காட்டி, மறுபடி முக்கி என்று பல தடவை சாயமேற்றுகிறார்கள். அப்படியும் சாயம் நூலின் உள்ளே போகாது, மேலே படிந்துதான் நிற்கும். குறுக்கே ஓடும் ஊடை நூலுக்குப் பெரும்பாலும் சாயமே கிடையாது. அதனால்தான் உள்பக்கம் வெளிறித் தெரிகிறது.

இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். ஆகவே வெளுப்பு என்பது பெரும்பாலும் கரைந்து போவதில்லை, உரசி உதிர்வது. 'முதல் தடவை உப்பு போட்டு ஊற வை, வினிகர் ஊற்று, சாயம் நிற்கும்' என்று வீட்டில் சொல்வார்கள். நானும் செய்திருக்கிறேன். உப்பு வேறு வகைச் சாயங்களுக்கு, அதுவும் சாயமேற்றும்போது உதவும். மேலே ஒட்டி நிற்கும் இண்டிகோவை அது பிடித்து வைக்காது. செய்ய வேண்டியது உரசலைக் குறைப்பதுதான்.

பி.டி.எம். லேஅவுட்டில் நான் பிஜியில் இருந்தபோது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரே நிறத்தில் இரண்டு ஜீன்ஸ் வாங்கினேன். முதல் ஜோடியை எல்லாத் துணியோடும் சேர்த்து வாரம் ஒருமுறை பிஜி மெஷினில் போட்டேன். அந்த ஃப்ரன்ட் லோட் மெஷினின் திருகி எப்போதும் காட்டன் 60 டிகிரியில்தான் நிற்கும், யாரும் தொட மாட்டார்கள். காய வைப்பது மொட்டை மாடி வெயிலில். ஆறு மாதத்தில் உங்களுக்கு ஆன அதே கதை. தொடையில் சாம்பல் கோடுகள், பக்கத் தையல் மேட்டில் வெள்ளை வரிகள், இடுப்புப் பட்டியில் அலை அலையாகச் சுருக்கம்.

அந்தக் கோடுகளைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். ஒழுங்காக, நீளவாக்கில் ஓடினால் அது நீங்கள் நடந்து உட்கார்ந்து வந்ததல்ல. நனைந்த கனத்த துணி மெஷினுக்குள் மடங்கி, மடிப்பின் மேடு மட்டும் டிரம்மிலும் மற்றத் துணிகளிலும் திரும்பத் திரும்ப உரசி வந்தது. நெரிசலாகப் போட்டால் இன்னும் மோசம்.

இரண்டாவது ஜோடியை வேறு மாதிரி வைத்துக்கொண்டேன். பொத்தானைப் பூட்டி, ஜிப்பை ஏற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிவிட வேண்டும். அப்போது டிரம்மில் உரசுவது வெளிறிய பக்கம். ஒரு சிக்கல், வெளிப்பக்கம் சேறோ சாம்பாரோ பட்டிருந்தால் இப்படிப் போட்டால் சரியாகப் போகாது. திருப்புவதற்கு முன் அந்த இடத்தில் மட்டும் லிக்விட் சோப்பைத் தடவி, விரலால் அழுத்தி, பத்து நிமிடம் விடுங்கள். தேய்க்காதீர்கள். ஊரிலிருந்து வந்த அம்மா ஒருமுறை, "என்னடா இது, முட்டியெல்லாம் அழுக்கு" என்று பார் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அழுக்கு போனது, நீலமும் கூடவே போனது. முட்டியில் இரண்டு வெள்ளை வட்டங்கள் இன்றும் இருக்கின்றன.

தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், மெஷினில் கோல்டு அல்லது 30 போதும். 40-க்கு மேல் வேண்டாம். சுடுநீரில் பருத்தி நூல் உப்பிச் சுருங்கும். ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் இன்னொன்றும் உண்டு. அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இலாஸ்டேன் இழை இருக்கும். முட்டி மடங்கி நிமிரும்போது துணியைத் திரும்ப இழுத்துப் பிடிப்பது அதுதான். சூடான தண்ணீரிலும் ட்ரையரிலும் திரும்பத் திரும்பப் போட்டால் அது பிடிப்பை இழக்கும், குளோரின் ப்ளீச் பட்டால் கெட்டே போகும். உங்கள் முட்டி தொளதொளத்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். போன பிடிப்பு திரும்பி வராது.

சோப்பு, கருந்துணிக்கான லிக்விட் நல்லது. சாதாரணப் பவுடர்கள் பலவற்றில் வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் பொருளும் லேசான ப்ளீச்சும் இருக்கும், கருநீலத்துக்கு இரண்டுமே ஆகாது. பெங்களூரில் காவேரித் தண்ணீர் வரும் வீடு என்றால் பிரச்சினை குறைவு. டேங்கர், போர்வெல் என்றால் தண்ணீர் கடினமாக இருக்கும், நுரையே வராது. அதற்காகச் சோப்பை அள்ளிப் போட்டால் காய்ந்தபின் துணியில் சாம்பல் பூத்தது போல இருக்கும். நிறம் போய்விட்டது என்று பயந்துவிடுவோம், ஆனால் அது வெறும் படிவு. இன்னொரு முறை வெறும் தண்ணீரில் அலசினால் பெருமளவு போய்விடும்.

பிஜியில் மெஷினை நம்ப முடியாவிட்டால் பக்கெட் போதும். அரை பக்கெட் தண்ணீரில் ஒரு சிறு மூடி லிக்விடைக் கலக்கி, கால் மணி நேரம் ஊற வைத்து, கையால் அமுக்கி எடுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டாம். இரண்டு தண்ணீர் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி வடியுங்கள், முறுக்கினாலும் அதே கோடுகள் விழும். புதிதில் தண்ணீர் நீலமாக வரும். அது ஒட்டாமல் நின்ற உபரிச் சாயம், பயப்பட வேண்டாம், ஆனால் வெள்ளைச் சட்டையை அதே பக்கெட்டில் போடாதீர்கள்.

திருப்பியபடியே நிழலில் காய வையுங்கள், வெயிலும் இண்டிகோவை வெளுக்கும். ஜூலை, ஆகஸ்டில் பெங்களூரில் ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகும், பட்டியும் பாக்கெட்டும் ஈரமாக நின்று பூஞ்சை வாடை வரும். பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பில் கிளிப் போட்டு, ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள்.

இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஏசி அலுவலகத்துக்கு மெட்ரோவில் போய் வருகிறவர் என்றால் ஏழெட்டு முறை போட்டபின் துவைத்தால் போதும். இடையில் மடித்துத் திணிக்காமல் கொக்கியில் மாட்டிக் காற்றாட விடுங்கள். நெரிசலும் தூசுமான சில்க் போர்டு சந்திப்பு வழியாக பைக்கில் போகிறவர் என்றால் நாலைந்து முறையிலேயே துவைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் துவைக்காமல் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. வியர்வையும் தூசும் ஊறிய துணி தொடையிடுக்கில் உரசும்போது தூசே உப்புத்தாள் போலத் தேய்க்கும், முதலில் கிழிவதும் அங்கேதான். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகும் என்பதையும் நம்பாதீர்கள், குளிரில் பெரும்பாலானவை உறங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

அடுத்த ஜீன்ஸ் வாங்கினால், நீளம் குறைக்க டெய்லரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காயப் போடுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால்கூட 30 அங்குல உள்காலில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் போய்விடும். என் இரண்டாவது ஜோடி நிறத்தில் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. முதலிலேயே வெட்டிவிட்டேன் என்பதால் உட்கார்ந்தால் சாக்ஸ் தெரிகிறது.