வாங்கும் முன்: சீறும் 'ஸ', வெடிக்கும் 'ப'

2,500 ரூபாய்க்கு கண்டென்சர் மைக் செட் வாங்கினேன். 'ச', 'ஸ' காதைக் குத்துகிறது. தனியாக சவுண்ட் கார்டு வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர்.

வாங்காதீர்கள், உங்களிடம் இரண்டாம் முறை பணம் பிடுங்கப் பார்க்கிறார். குரல் பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதற்காக, விலை குறைந்த கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தூக்கலாக வைத்திருப்பார்கள். 'ஸ' சீறுவதும் அதே பகுதியில்தான். சவுண்ட் கார்டு அதைத் தொடவே தொடாது. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து, வாய்க்கு நேராக இல்லாமல் 30 டிகிரி பக்கவாட்டில் திருப்பிப் பேசிப் பாருங்கள். செலவில்லாமலே சீறல் குறையும்.

சுவரில் ஃபோம் ஒட்டினால் 'ப' வெடிப்பது நிற்குமா?

நிற்காது. அது உங்கள் வாய்க் காற்று.

மைக்கோடு வந்த ஸ்பாஞ்சு உறை போதாதா? பாப் ஃபில்டருக்குத் தனியாக ஏன் செலவு செய்ய வேண்டும்?

இந்த உறையை 'பாப் ஃபில்டர்' என்று பெட்டியில் அச்சடித்து விற்பதைத் தடுக்க ஆளில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். நான் வாங்கிய ஒரு செட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. 'ப' சொல்லும்போது பாய்கிற காற்று மெல்லிய ஸ்பாஞ்சைத் துளைத்துக்கொண்டு மைக்கின் சவ்வில் மோதும். காற்றின் வேகம் உடைய வேண்டுமானால் தடுப்புக்கும் மைக்குக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மைக்குக்கு நான்கு விரல் முன்னால் நிற்கும் இரட்டை நைலான் வலை அதைச் செய்கிறது. சில நூறு ரூபாய்தான். உள்ளங்கையை வலைக்குப் பின்னால் வைத்து 'பப்பாளி' என்று சொல்லுங்கள். காற்று கையில் அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'ஸ' சீறலைக் குறைக்கும் மென்பொருளான டி-எஸ்ஸரைக் காசு கொடுத்து வாங்கினேன். இப்போது குரல் மழலையாகிவிட்டது.

இலவசமாகவே நல்லவை கிடைக்கும்போது சோதனைப் பதிப்பைக்கூடப் போட்டுப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். 'சரி' என்பது 'தரி' என்று கேட்டால் வெட்டு அதிகம். ஆண் குரலுக்கு 5,000 முதல் 7,000, பெண் குரலுக்கு 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை தேடுங்கள். 'ச', 'ஸ' வரும்போது மட்டும் மீட்டர் அசையும்படி, வெட்டு தொடங்கும் அளவான Threshold-ஐ இறக்குங்கள். 4 முதல் 6 டெசிபெல் குறைந்தால் போதும். குரலின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் போடுவதாக இருந்தால் டி-எஸ்ஸரை அதற்குப் பின்னால் வையுங்கள், ஏனென்றால் அமுக்கும்போது சீறல் மறுபடி மேலே வரும்.

பதிவு முடிந்துவிட்டது. 'ப' வெடிப்பை எடுக்க வழியுண்டா?

உண்டு. Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த எழுத்தைப் பெரிதாக்கினால் தொடக்கத்தில் அகலமான அலை ஒன்று தெரியும். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து High-Pass Filter-இல் Frequency 150, Roll-off 24 dB கொடுங்கள். முழுப் பதிவுக்கும் 150 கொடுத்தால் ஆண் குரல் மெலிந்துவிடும். அதற்கு 80 போதும். அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் இந்த ஃபில்டர் உதவாது. அந்த வரியை மறுபடி அதே தூரத்தில் பேசி ஒட்டுங்கள்.