கருகிய சம்பாவுக்கு ஆறுதல் கவிதை

“கடைமடைப் பக்கம் சம்பா கருகிப்போச்சு. சங்க இதழுக்குக் கவிதை எழுதி ‘கலங்காதே உழவா, நாளை மழை வரும்’ என்று முடித்தேன். பிரசங்கம் மாதிரி இருக்கு என்கிறார்கள். எப்படி மாற்றுவது?”

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். கருகிய பயிருக்கு நாளைய மழையால் பயனில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும்.

‘உழவா’ என்ற விளிதான் பிரசங்கமாக ஒலிக்கிறது என்று நினைக்கிறேன். சங்க இதழில் ‘நாம்’ என்றே எழுதலாம். பிறகு வயலில் கண்டதைச் சொல்லுங்கள். சூல் பருவத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் முழுதாக வெளிவராது, வந்த கதிரும் வெளுத்துப் பதராகும். அதையே எழுதலாம்:

தொண்டைக்கதிர் தொண்டையிலேயே நின்றது.
வந்ததை உருவினோம், கை நிறையப் பதர்.
அறுக்க ஆள் சொல்லவில்லை,
மாட்டை அவிழ்த்து விட்டோம்.
நகைக்கடன் ரசீது பெட்டியில் இருக்கிறது.
வாருங்கள், சேர்ந்து உட்காருவோம்.

எழுதியதும் ‘வறட்சி’ இருக்கும் இடத்தில் ‘வெள்ளம்’ என்று போட்டுப் படியுங்கள். அப்படியும் பொருந்தினால் இன்னும் பொதுவாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் ஊரில் இதனால் யாராவது இறந்திருந்தால், அந்த வீட்டாரைக் கேட்காமல் அதைக் கவிதையில் தொடாதீர்கள். நிவாரண மனு விவரம் பக்கத்தில் தனிக் கட்டமாக வரட்டும்.